அதே பேர், அதே பாஸ்வேர்ட்

அந்தக் காது பரிசோதனை நிலையத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வேலை பார்ப்பவர்களுக்கும் வந்து போகிறவர்களுக்கும் அவள் ‘அதேதான் அக்கா’. வரவேற்பு மேஜை, சாவிக்கொத்து, தண்ணீர் கேன், பிரிண்டர் மை, இணைய இணைப்பு எல்லாம் அவள் பொறுப்பு. யாராவது உள்ளே வந்து, “என்னக்கா, நாற்காலிய மாத்திட்டீங்களா?” என்று கேட்டால், முந்தின நாள்தான் புது நாற்காலி வாங்கிப் போட்டிருந்தாலும், தலையைக்கூட நிமிர்த்தாமல், “அதேதான்” என்பாள்.

பொய் சொல்லும் பழக்கம் என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. அது அவளுடைய தொழில் கற்றுக்கொடுத்தது. கல்யாணத்துக்கு முன்பு ஒரு பொத்தான் கடையில் வேலை பார்த்தாள். சட்டையில் ஒரு பொத்தான் அறுந்து விழுந்தால், மிச்சம் இருக்கிற பொத்தானைக் கொண்டுவந்து காட்டுவார்கள். நூற்றுக்கணக்கான டப்பாக்களில் கையை விட்டு, அதே நிறம், அதே கனம், அதே நான்கு ஓட்டை என்று துழாவி எடுத்துக் கொடுப்பாள். தைத்த பிறகு எது பழையது எது புதியது என்று தைத்தவருக்கே தெரியக் கூடாது. தெரியாமல் போனால் அவளுக்கு அன்றைக்குச் சோறு இரண்டு கவளம் கூடுதலாக இறங்கும்.

பொத்தான் கடை மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. கைப்பழக்கம் மட்டும் மூடவில்லை. கணவரின் பீங்கான் கப் ஒருநாள் கை தவறி உடைந்தபோது, அதே நீலக் கோடு போட்ட கப் ஒன்றைக் கடைகடையாக ஏறி இறங்கி வாங்கி, அன்று மாலையே அதில் காப்பி ஊற்றிக் கொடுத்தாள். சரக்கு லாரி அலுவலகத்தில் பதிவு எழுதுகிற அந்த மனிதர் உறிஞ்சிக் குடித்துவிட்டுக் கப்பைக் கழுவி வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு உள்ளுக்குள் கொட்டு முழங்கியது.

நிலையத்தின் காத்திருக்கும் இடத்தில் ஒரு மீன் தொட்டி உண்டு. அதில் இருந்த ஆரஞ்சு மீனுக்குக் குழந்தைகள் ‘குண்டு’ என்று பேர் வைத்திருந்தார்கள். குண்டு ஒருநாள் காலையில் மிதந்தான். கதவு திறக்கும் முன் அவள் மீன் கடைக்குப் போய் இன்னொரு குண்டனைப் பையில் தண்ணீரோடு தூக்கி வந்துவிட்டாள். “குண்டு இளைச்சிட்டான்” என்று ஒரு குழந்தை சொன்னதற்கு, “டயட்ல இருக்கான்” என்று பதில் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகும் குண்டு செத்தான், பிழைத்தான், மறுபடி செத்தான். குழந்தைகளைப் பொறுத்தவரை அவனுக்குச் சாவே கிடையாது.

இதையெல்லாம் கேட்டு அவளுடைய அக்கா ஒருமுறை சொன்னாள். “நீ போய்ச் சேர்ந்தாகூட, உன்னை மாதிரியே ஒருத்தியத் தேடிப் புடிச்சு உக்கார வெச்சிட்டுத்தான்டி போவ. எழவுக்கு வர்றவங்க எதுக்கு வந்தோம்னு தெரியாம திரும்பிப் போவாங்க.”

அக்கா ஒரு பெரிய அலுவலகத்தில் கம்ப்யூட்டர் உதவிப் பிரிவில் இருக்கிறாள். காலை முதல் மாலை வரை காதில் மாட்டிய போனோடு, ‘ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க’ என்று ஊராருக்குச் சொல்லிக்கொண்டிருப்பவள். தங்கைக்கு மட்டும் அதையே திட்டோடு சேர்த்துச் சொல்வாள்.

*

சிக்கல் ஆரம்பித்தது ரவுட்டரில். நிலையத்தின் பழைய ரவுட்டர் சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டு படுத்துவிட்டது. இணையக் கம்பெனி ஆள் மாலையில் புதுப் பெட்டியோடு வந்தான். கீழ்த்தளத்தில் இறங்கும்போதே அவன் போனில் சிக்னல் செத்துப்போனது. அந்த இடம் அப்படித்தான். காது பரிசோதனைக்குச் சத்தம் ஆகாது என்று ஒரு பேக்கரிக்கு அடியில், தடித்த சுவருக்குள் நிலையத்தைக் கட்டியிருந்தார்கள். தெருச் சத்தம் வராது. போன் சிக்னலும் வராது. வைஃபை இருந்தால்தான் உலகம் உண்டு.

வந்தவன் பெட்டியை மாட்டிவிட்டு, நெட்வொர்க்குக்கு என்ன பேர் வைக்கட்டும் என்று கேட்டான். அவள் பழைய பேரையே சொன்னாள். பாஸ்வேர்ட் கேட்டான். அதற்கும் பழையதையே சொன்னாள்.

“புதுசு எதுவும் வேணாமா?” என்றான் அவன்.

“வேணாம்ப்பா. ஒரே பேரு, ஒரே பாஸ்வேர்ட்னா யாரும் எதையும் தொட வேண்டாம் பாரு. மாறினதே தெரியக் கூடாது.”

பாதுகாப்பை மட்டும் புதிய முறையில் வைக்கிறேன், அதுதான் இப்போது நல்லது, பழைய முறையை எளிதாக உடைத்துவிடுகிறார்கள் என்று அவன் சொன்னான். பாதுகாப்பு என்றால் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? தலையாட்டினாள். அவள் போன் தானாகவே ஒட்டிக்கொண்டது. நிலையத்தை நடத்துகிற ஆடியாலஜிஸ்ட் மேடத்தின் போனும் ஒட்டிக்கொண்டது. வரவேற்பு மேஜைக் கம்ப்யூட்டருக்கு ஒயர் போகிறது, அதற்குக் கவலையே இல்லை. மேடம் வந்து, “ரவுட்டர் மாத்தியாச்சா?” என்று கேட்டபோது, அவளுக்கு வாய் நிறைய வந்தது. “அதேதான் மேடம், ஒண்ணும் மாறல.”

அலமாரியில் பூட்டியிருந்த லேப்டாப்பை யாரும் நினைக்கவில்லை.

மறுநாள் காலை அந்த லேப்டாப்பை எடுத்தபோதுதான் வினை. அது மெல்லிசு ரகம். ஒயர் சொருக அதில் ஓட்டை கிடையாது. காதுக் கருவியை டியூன் பண்ணுகிற மென்பொருள் அதில் மட்டும்தான் இருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை, வெளியூரில் இருக்கிற பெரிய டாக்டர் அதன் வழியாகத்தான் உள்ளே வந்து பார்ப்பார். இன்றைக்கு அவர் பதினொரு மணிக்குத் திரையில் வருகிறார். வருவது ஒரே ஒருவருக்காக.

அந்த ஒருவர் ஏற்கெனவே வந்து மீன் தொட்டிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். பஸ் டிரைவர். ஐம்பதைத் தாண்டியவர். கேட்கும் திறன் குறைந்துவிட்டது என்று அவரை ஸ்டியரிங்கிலிருந்து இறக்கி டெப்போவில் உட்கார வைத்திருக்கிறார்கள். கருவி மாட்டிச் சில வாரம் ஆயிற்று. இன்று பெரிய டாக்டர் அதைச் சரிபார்த்து, ஓட்டலாம் என்று சான்று அனுப்பினால், அவருடைய பழைய தடம் அவருக்கே கிடைக்கும். சான்று இன்றைக்குள் போகாவிட்டால் தடம் வேறொருவருக்கு, அவருக்கு டெப்போ ஸ்டோரில் நிரந்தர நாற்காலி. வந்ததுமே அவளிடம் இதைச் சொல்லிவிட்டு, “உதிரி பாகத்த எண்ணிக்கிட்டு உக்காந்திருந்தா நானும் ஒரு உதிரி பாகம் ஆயிடுவேன்மா” என்று சிரித்தார். சிரிப்பு முகத்தில் நிற்கவில்லை.

அவள் லேப்டாப்பைத் திறந்தாள். வைஃபை பட்டியலில் அவர்கள் நெட்வொர்க்கின் பேர் முதலில் நின்றது. முழு சிக்னல். கிளிக் செய்தாள். சுற்றியது, சுற்றியது, நின்றது. கீழே ஒரு வரி: ‘கான்ட் கனெக்ட் டு திஸ் நெட்வொர்க்.’

ஏன் என்று சொல்லவில்லை. பாஸ்வேர்ட் தப்பு என்றும் சொல்லவில்லை. பாஸ்வேர்டே கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த சொந்தக்காரனை வாசலிலேயே நிறுத்தி, காரணம் சொல்லாமல் கதவைச் சாத்தின மாதிரி இருந்தது.

*

முதலில் லேப்டாப்பை அணைத்துப் போட்டாள். அதே வரி. ஏரோப்ளேன் மோடைப் போட்டு எடுத்தாள். அதே வரி. புது ரவுட்டரின் சுவிட்சை அணைத்துப் போட்டாள். மேடத்தின் போன் அறுந்து மீண்டும் ஒட்டியது. லேப்டாப் மட்டும் ஒட்டவில்லை. ரவுட்டர் மேல் கோபப்படலாம் என்றால் போன் ஓடுகிறது. லேப்டாப் மேல் கோபப்படலாம் என்றால் போன வாரம்கூட நன்றாக இருந்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாததுதான் பெரிய எரிச்சல்.

வைஃபை வழியாகவே அக்காவுக்குப் போன் போட்டாள்.

அக்கா தன் வேலைக்கு நடுவில் எடுத்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, தினமும் ஊராரிடம் கேட்கிற முதல் கேள்வியைத் தங்கையிடமும் கேட்டாள்.

“கடைசியா நல்லா இருந்ததுலேர்ந்து இப்ப வரைக்கும் ஏதாவது மாத்தினியா?”

“இல்லக்கா. எல்லாம் அதேதான்.”

“பாஸ்வேர்ட்?”

“அதேதான்.”

இரண்டும் அவள் அறிவில் உண்மை. பேர் அதே பேர்தான், பாஸ்வேர்ட் அதே பாஸ்வேர்ட்தான். மாறாததுபோல் ஆக்குவதற்கு இவ்வளவு பாடுபட்ட பிறகு, மாறியது என்று சொல்ல அவளுக்குத் தோன்றவே இல்லை. அக்காவும் அதை நம்பி, அப்படியானால் கோளாறு லேப்டாப்புக்குள்தான் என்று முடிவுகட்டினாள். அங்கிருந்து இருவரும் சேர்ந்து தப்பான தெருவில் நடக்க ஆரம்பித்தார்கள்.

முதலில் அடாப்டர். வைஃபை அலையைப் பிடித்துப் பேசுகிற உறுப்பு அதுதான், சில நேரம் மூளை குழம்பி உட்கார்ந்துவிடும், அதை ஒருமுறை தூங்கவைத்து எழுப்ப வேண்டும் என்றாள் அக்கா. டிவைஸ் மேனேஜரைத் திறக்கச் சொன்னாள். நெட்வொர்க் அடாப்டர் என்கிற தலைப்பின் கீழ் ஒரு பட்டாளமே இருந்தது. எது வைஃபை என்று கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. வலது கிளிக் பண்ணி டிஸேபிள் கொடுத்ததும் பட்டியலில் இருந்த எல்லா நெட்வொர்க்கும் மறைந்தன. எதையோ கொன்றுவிட்டோம் என்று பதறினாள். எனேபிள் கொடுத்ததும் அக்கம்பக்கத்து நெட்வொர்க் எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பேக்கரி, மாடி வீடு, யாரோ ஒருவருடைய பிரிண்டர், கடைசியில் அவர்களுடையது. கிளிக். சுற்றியது. கான்ட் கனெக்ட் டு திஸ் நெட்வொர்க்.

“எல்லாத்தையும் பாக்குதுக்கா. நம்மளதயும் பாக்குது. ஆனா ஒட்ட மாட்டேங்குது.”

“பொண்ணு பாத்துட்டு வேணாம்னு சொல்ற மாதிரி” என்றாள் அக்கா. “சரி, அடுத்தது செய்வோம். கறுப்புத் தெரை தொற. அட்மினிஸ்ட்ரேட்டரா தொறக்கணும், மறந்துடாத.”

அடுத்தது நெட்வொர்க் ஸ்டாக். இணையத்தோடு பேசுவதற்கு விண்டோஸ் வைத்திருக்கிற அடுக்கடுக்கான விதிமுறைகள், ஏதாவது ஒரு மென்பொருள் உள்ளே புகுந்து கலைத்துவிட்டிருக்கலாம், அதை ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோகலாம் என்று அக்கா கட்டளைகளைச் செய்தியாக அனுப்பினாள். அவள் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து அடித்தாள். நெட்ஷ் வின்சாக் ரீசெட். வெற்றி, ஆனால் மறுபடி தொடங்கினால்தான் முழுமையாகும் என்று வந்தது. நெட்ஷ் இன்ட் ஐபி ரீசெட். வரிசையாக ஓகே, ஓகே என்று போய், நடுவில் ஒன்று மட்டும் ‘அக்சஸ் டினைட்’ என்றது. அதை அக்காவிடம் படித்துக் காட்டினாள். அது எப்போதும் அப்படித்தான் சொல்லும், விட்டுத் தள்ளு என்றாள் அக்கா. பிறகு ஐபிகான்ஃபிக் ரிலீஸ். வைஃபை இணைப்பே இல்லாதபோது அதன்மேல் எதுவும் செய்ய முடியாது என்று கறுப்புத் திரை கறாராகச் சொன்னது. கடைசியாக இணைய முகவரிகளைக் குறித்து வைக்கிற டிஎன்எஸ் நினைவைத் துடைத்தார்கள். மறுபடி தொடங்கினார்கள்.

லேப்டாப் எழுந்திருக்கிற நேரத்தில் மேடம் எட்டிப் பார்த்தார். பெரிய டாக்டருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடட்டுமா, இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாமா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். இன்னொரு நாள் என்றால் அடுத்த மாதம். அவள் மீன் தொட்டிப் பக்கம் பார்த்துவிட்டு, இதோ முடிந்துவிடும் மேடம் என்றாள். முடியும் என்பதற்கு அவளிடம் ஓர் ஆதாரமும் இல்லை.

லேப்டாப் வந்தது. கிளிக் செய்தாள். அதே வரி.

ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். அடாப்டர் நன்றாக இருக்கிறது. விதிமுறையெல்லாம் துடைத்துப் புதுசாகிவிட்டது. ரவுட்டர் ஓடுகிறது. போன் ஓடுகிறது. பேர் சரி, பாஸ்வேர்ட் சரி. எல்லாம் சரியாக இருந்தும் சேர்ந்து சரியாக இல்லை. ஐந்து பேரும் நல்லவர்கள், குடும்பம் மட்டும் ஒத்துப்போகவில்லை என்கிற கதை.

இன்னும் ஒன்று இருக்கிறது என்றாள் அக்கா. செட்டிங்ஸில் நெட்வொர்க் ரீசெட். மொத்தத்தையும் வழித்தெடுத்துவிடும், அடாப்டர் எல்லாவற்றையும் கழற்றித் திரும்ப மாட்டும். ஆனால் பெரிய டாக்டர் உள்ளே வருவதற்குப் போட்டுக் கொடுத்த விபிஎன் உண்டே, அதுவும் சேர்ந்து போக வாய்ப்பிருக்கிறது. போனால் அதை மறுபடி போட அவர்கள் ஆள்தான் வர வேண்டும். வைஃபை வந்து விபிஎன் போனால், குடை கிடைத்துக் கை போன மாதிரி. யோசித்துச் சொல் என்று அக்கா போனை வைத்தாள். அவளுக்கு வேறு யாரோ வரிசையில் காத்திருந்தார்கள்.

*

யோசிக்க எங்கே நேரம்? அவள் எழுந்து வெளியே வந்து, டிரைவருக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள்.  அவர் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“முடியாதாம்மா இன்னிக்கு?”

“முடியும் சார். சின்ன கோளாறு. பாத்துக்கிட்டிருக்கேன்.”

அவர் தலையசைத்தார். கருவியைக் காதில் அழுத்திவிட்டுக்கொண்டு, விரலால் கண்ணாடியைச் சுட்டினார்.

“இவன் வேற ஆளு.”

“யாரு?”

“இந்த மீனு. நான் மொதல்ல வந்தப்ப இருந்தவனுக்கு இடப்பக்கச் செவுள்ல ஒரு வெள்ளைப் புள்ளி. அடுத்து வந்தவன் வால் கொஞ்சம் கிழிஞ்சிருந்தான். இவன் மூணாவது. கல்லுக்குப் பின்னால ஒளியக்கூடத் தெரியல, பயந்தாங்கொள்ளி.”

அவளுக்குச் சுரீர் என்றது. வாயில் ‘அதேதான்’ வந்து பல்லுக்குப் பின்னால் நின்றுவிட்டது. “எப்படி சார் கண்டுபுடிச்சீங்க?” என்றாள் கடைசியில்.

“காது போன பிறகு கண்ணுதானே எல்லாம். ஒவ்வொரு தடவையும் இங்கதான் உக்கார வெக்கிறீங்க. கண்ணாடியில பின்னால வர்ற வண்டியப் பாத்துப் பாத்தே வாழ்ந்தவன் நான். ஒரே கலரு, ஒரே கம்பெனின்னு பத்து வண்டி வரும். எது எவன் ஓட்றதுன்னு தெரியாதா?”

“அப்ப ஏன் சொல்லல?”

“நீங்க சொல்ல வேணாம்னு நெனைக்கிறீங்கன்னு நெனச்சேன்.”

அவள் திரும்பித் தொட்டியைப் பார்த்தாள். மீனைப் பற்றித்தான் முதலில் நினைத்தாள். எத்தனை குழந்தைகளுக்குத் தெரியும், எத்தனை அம்மாக்கள் சிரித்துக்கொண்டு போனார்கள். பிறகு, கண்ணுக்கு அதே மாதிரி இருக்கிற ஒன்றைப் பார்த்து, இது அது இல்லை என்று ஒருவர் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்ததை நினைத்தாள். உள்ளே மேஜையில் லேப்டாப் அப்படித்தானே உட்கார்ந்திருக்கிறது?

குழப்பம் தீரவில்லை. அதே பேர், அதே பாஸ்வேர்ட்; பிறகு எதைப் பார்த்துப் பிடிவாதம் பிடிக்கிறது? ஆனால் அக்காவிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது என்பது மட்டும் இப்போது தெரிந்தது. ஓடிப்போய்ப் போனை எடுத்தாள்.

“அக்கா, ரவுட்டர் புதுசு.”

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டுகிற சத்தம் நின்றது. 

“எப்ப மாத்தின?” என்றாள் அக்கா, ரொம்ப அமைதியாக.

“நேத்து. ஆனா பேரும் பாஸ்வேர்டும் அதேதான் வெச்சேன். யாருக்கும் தெரியக் கூடாதுன்னு.”

“எனக்குமாடி தெரியக் கூடாது? காலைலேர்ந்து ரத்தக் கொதிப்புக்காரனுக்குக் கால் கட்டு போட்டுக்கிட்டிருக்கேன் நான்.”

திட்டு இன்னும் கொஞ்சம் இருந்தது. அதை மேஜை இழுப்பறையில் போட்டுப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்பதுபோல் அக்காவே நிறுத்திக்கொண்டு, பாதுகாப்பு முறை ஏதாவது மாற்றினானா என்று கேட்டாள். புதுசு வைத்தான், அதுதான் நல்லது என்றான் என்று அவள் சொன்னதும், அக்கா “ம்” என்றாள். அந்த ‘ம்’மில் விடை இருந்தது.

இரண்டு கட்டளை அனுப்பினாள். ஒன்று, இப்போது காற்றில் இருக்கிற நெட்வொர்க்குகளைக் காட்டச் சொல்வது. இன்னொன்று, லேப்டாப் இந்தப் பேரைப் பற்றிச் சேமித்து வைத்திருக்கிற குறிப்பை, அதாவது புரொஃபைலைக் காட்டச் சொல்வது. அவள் இரண்டையும் அடித்து, பாதுகாப்பு முறையைச் சொல்லும் ஆதென்டிகேஷன் என்ற வரியை மட்டும் விரல் வைத்துப் படித்தாள். காற்றில் இருப்பது டபிள்யூபிஏ த்ரீ. சேமிப்பில் இருப்பது டபிள்யூபிஏ டூ.

“ஒண்ணு டூ, ஒண்ணு த்ரீ” என்றாள்.

“அதான். லேப்டாப் பேரை மட்டும் சேத்து வெக்கல. எந்த முறையில கை குடுக்கணும்னும் சேத்து எழுதி வெச்சிருக்கு. நீ பேர் அதேன்னதும், பழைய முறையிலயே கைய நீட்டுது. அந்தப் பக்கம் புதுப் பெட்டி அந்த முறைய ஒத்துக்காது. அதான் பாஸ்வேர்ட்கூட கேக்காம முழிக்குது. வேற பேர் வெச்சிருந்தா புது ஆளுன்னு நெனச்சு மொதல்லேர்ந்து கேட்டிருக்கும்.”

“அப்ப போனு?”

“உங்க போனு ரெண்டும் புது ரகம். அதுங்களே முறைய மாத்திக்கிச்சு. எல்லாம் அப்படி மாத்திக்காது.”

“அடாப்டரையும் ஸ்டாக்கையும் போட்டு அடிச்சோமே?”

“அது ரெண்டும் இந்தப் புரொஃபைலத் தொடாதுடி. கோளாறு உள்ள நொழையறதுக்கு முன்னாடி, வாசல்ல. நாம உள்ள சமையக்கட்டைக் கழுவிக்கிட்டிருந்தோம்.”

மூன்றாவது கட்டளை சின்னது. நெட்ஷ் டபிள்யூலேன் டெலீட் புரொஃபைல், அதன் பின்னால் நெட்வொர்க்கின் பேர். எண்டர் தட்டும் முன் விரல் நின்றது. அழித்தால் திரும்ப வருமா, பெரிய டாக்டரின் விபிஎன்னுக்கு ஒன்றும் ஆகாதே என்று கேட்டாள். இந்த ஒரு பேர் பற்றிய குறிப்பு மட்டும்தான் போகும், வேறு எதையும் தொடாது, பாஸ்வேர்ட்தான் உனக்குத் தெரியுமே என்றாள் அக்கா. தட்டினாள். வைஃபையிலிருந்து புரொஃபைல் நீக்கப்பட்டது என்று ஒரே வரி.

பட்டியலில் அதே பேர், அதே இடத்தில் இருந்தது. கிளிக் செய்தாள். இந்த முறை பெட்டி ஒன்று திறந்து, பாஸ்வேர்ட் என்ன என்று கேட்டது. காலையிலிருந்து அது அவளிடம் கேட்ட முதல் கேள்வி. அடித்தாள். சுற்றியது. ‘கனெக்டட்’ என்று வந்தது. அவள் சந்தோஷப்படவில்லை. சந்தேகத்தோடு பார்த்தாள். ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்தாள். திறந்தது. இன்னொன்றைத் திறந்தாள். அதுவும் திறந்தது.

“வந்துடுச்சுக்கா. ஏன் வந்துச்சுன்னு எனக்கு இன்னும் முழுசாப் புரியல.”

“புரிஞ்சது போதும். இனிமே எவளாவது ‘ஏதாவது மாத்தினியா’ன்னு கேட்டா, ஒரு நிமிஷம் யோசிச்சிட்டு வாயைத் தொற.”

*

பதினொன்றைத் தாண்டியிருந்தது. பெரிய டாக்டர் திரையில் காத்திருந்தார், ஏதோ சாப்பிட்டுக்கொண்டு. மேடம் டிரைவரை அழைத்துக்கொண்டு ஒலி புகாத அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். கண்ணாடி வழியாகப் பார்த்தால் டிரைவர் கையில் பட்டனோடு உட்கார்ந்திருந்தார். சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்க வேண்டும். ஹாரன் அடிக்கிற வேகத்தில் அமுக்கினார்.

சான்று மதியத்துக்குள் போய்விட்டது. டிரைவர் வெளியே வந்து, கைகுவித்துக் கும்பிடவில்லை, நன்றி என்று நீட்டவில்லை. “நாளன்னைக்கு மொத வண்டி என்னுது” என்றார். படியேறும்போது திரும்பி, “இவனுக்காவது கொஞ்சம் பெரிய கல்லாப் போடுங்க. ஒளிஞ்சு பழகட்டும்” என்று தொட்டியைக் காட்டிவிட்டுப் போனார்.

மேடம் வந்து என்னதான் கோளாறு என்று கேட்டார். ரவுட்டரை மாற்றியபோது லேப்டாப்பில் பழைய குறிப்பு அப்படியே இருந்துவிட்டது, அதை அழித்ததும் சரியாகிவிட்டது என்று அவள் சொன்னாள். ஒன்றும் மாறவில்லை என்றாயே நேற்று என்று மேடம் கேட்கவில்லை. கேட்காததுதான் அவளைக் குடைந்தது. இந்த மேடத்துக்கும் மீன் தெரியுமோ? நாற்காலி தெரியுமோ? எல்லாருக்கும் எல்லாம் தெரிந்து, ஒருவருக்கொருவர் கண்ணைக் காட்டிக்கொண்டுதான் அவளை ‘அதேதான் அக்கா’ என்று கூப்பிடுகிறார்களோ? இத்தனை நாள் அந்தப் பேரை அவள் ஒரு பட்டம்போலத் தலையில் சூடிக்கொண்டு நடந்திருக்கிறாள்.

மாலை வீட்டுக்கு வந்தாள். கணவர் வழக்கம்போல் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். காப்பி போட்டு, நீலக் கோடு போட்ட கப்பில் ஊற்றி, அவர் முன்னால் வைத்தாள். நகரவில்லை. நின்றாள்.

“என்ன?” என்றார் அவர்.

“இந்தக் கப்பு அதேதானா?”

அவர் கப்பைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கப்பைத் தூக்கி அடியில் பார்த்தார், காப்பி சிந்தாமல். மறுபடி அவளைப் பார்த்தார். பதிவுப் புத்தகத்தில் சரக்கின் எடை ஒரு மாதிரியும் கண்ணுக்கு ஒரு மாதிரியும் இருந்தால் அவர் விழிப்பாரே, அந்த விழிப்பு.

“நான் என்ன சொல்லணும்?” என்றார்.